ஓரத்தில் வெட்டுப்பட்ட அலபத்மம்

அரங்கேற்றம் முடிந்து எட்டாம் நாள் பிள்ளையின் அம்மா ஒரே ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் எனக்குத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு. "தம்பி, நீங்கள் எடுத்ததிலேயே இதுதான் எங்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. ஹோலில பெரிசாப் போட்டு மாட்டப் போறம். ஆனால் கை வெட்டுப்பட்டுப் போச்சே. ஏதும் செய்யேலுமோ?"

படம் எனக்கும் பிடித்ததுதான். வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். தில்லானா. மேடையின் வலப்பக்கம் நடராஜர் சிலையும் எரிகிற குத்துவிளக்கும், இடப்பக்கம் அரைமண்டியில் பிள்ளை. இடக்கை நெஞ்சுக்கு முன்னே கடகாமுகம். வலக்கை தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீண்டு, முடிவில் அலபத்மமாக மலர்கிறது. மலர்ந்த இடத்தில் படம் முடிந்துவிட்டது. உள்ளங்கை இருக்கிறது, பெருவிரலில் பாதி இருக்கிறது, மற்ற விரல்கள் அடியோடு போய்விட்டன.

முழுச் சட்டகத்தில் சிலையையும் விளக்கையும் சேர்க்கக் கமராவை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்த நொடி அது. அதனால்தான் இடப்பக்கம் பறிபோனது. கேட்டது 20க்கு 30 அங்குலம். அந்த அளவில், வரவேற்பறையில், வருகிற போகிற எல்லோரும் பார்க்கப்போகிற படம்.

முதலில் வெட்டிப் பார்த்தேன். கையோ காலோ ஓரத்தில் பாதியாக நின்றால் நான் முதலில் தொடுவது கிரொப் கருவியைத்தான். அதற்குக் காரணம் உண்டு. மூட்டில் அறுபட்ட உறுப்புத்தான் கண்ணை உறுத்தும். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால், விரல் அடி: இந்த இடங்களில் படம் முடிந்தால் உறுப்பே துண்டாகிவிட்டதுபோல் தோன்றும். இரண்டு மூட்டுக்கு நடுவில், முன்கையின் பாதியிலோ மேற்கையின் பாதியிலோ முடித்தால், மிச்சம் படத்துக்கு வெளியே தொடர்கிறது என்று மனம் தானாக எடுத்துக்கொள்ளும். ஆகவே பல படங்களில் இன்னும் கொஞ்சம் உள்ளே வெட்டுவதே போதும்.

அதே நிகழ்ச்சியில் ஒரு பதத்தில் எடுத்த படத்துக்கு இது சரியாக வேலை செய்தது. அங்கே இடக்கை வளையலோடு அறுந்திருந்தது. ஆனால் பிள்ளையின் பார்வை வலக்கையில் இருந்தது, இடக்கை அந்த நேரம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மேற்கையின் நடுவில் வெட்டினேன். இரண்டு நிமிட வேலை. யாரும் கேள்வி கேட்கவில்லை.

தில்லானாப் படத்தில் அது சரிவரவில்லை. முன்கை நடுவில் வெட்டினேன். அளவில் குறைவில்லை, 30 அங்குலத்துக்குப் போதுமான பிக்சல் மிஞ்சியது. ஆனால் படத்தைப் பார்க்கிறபோது என் கண் இடது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மேற்கை நடுவில் வெட்டினேன், இன்னும் மோசம். ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிள்ளை அந்தக் கையைப் பார்க்கிறாள். கை போகும் இடத்துக்குக் கண் போகவேண்டும் என்பது அபிநய தர்ப்பணம் சொல்லும் விதி. அவள் அதைச் சுத்தமாகச் செய்திருக்கிறாள். தலை சாய்ந்து, கருவிழி ஓரத்துக்கு வந்து, முழு உடம்பும் அந்த விரல் நுனியைச் சுட்டுகிறது. நான் வெட்டினால் சுட்டப்படும் பொருளே இல்லாமல் போகிறது.

ஒரு வெட்டு மட்டும் நன்றாக வந்தது. முகம், கழுத்து, நெஞ்சுக்கு முன்னுள்ள கடகாமுகம், இரண்டு மேற்கைகளும் பாதியில் முடிகிற நெருக்கமான நிலைப்படம். அதில் பார்வை வெளியே போவது குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் நீட்டிய கை என்ற ஒன்றே அங்கே தொடங்கவில்லை. ஆனால் அகலம் 1,600 பிக்சல்தான். 8க்கு 12 அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் வரும், அது போதும். 20 அங்குல அகலத்துக்கு 80தான் வரும், கிட்டப் போனால் கரைந்துவிடும். அதோடு நடராஜரும் இல்லை, அரைமண்டியும் இல்லை. அதை வேறொரு தேவைக்காக எடுத்து வைத்தேன்.

சரி, வெட்டு இல்லை என்றால் கையைக் இல்லாத விரல்களைச் சேர்த்துக் கட்டியெழுப்பவேண்டும். கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: உண்மையிலேயே அந்த விரல்கள் கோப்பில் இல்லையா? பிள்ளையின் அம்மா, அதாவது அன்ரி, வைத்திருந்தது நான் திருத்தி அனுப்பிய ஜேபெக். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பை லைட்ரூமில் திறந்து, Crop பகுதியில் எல்லாவற்றையும் மீளமைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, வெட்டியதில் பாதி என் கை வேலை என்று. ஒற்றைக்கால் தாங்கியில் கமரா கொஞ்சம் சரிந்திருந்தது. மேடை விளிம்பு நேராக வரவேண்டும் என்று 1.2 பாகை திருப்பியிருந்தேன். திருப்பும்போது மூலைகள் வெறுமையாகும், அந்த வெறுமை தெரியாமல் மென்பொருள் நாலு பக்கமும் உள்ளே வெட்டும். 6000 பிக்சல் அகலப் படம் 1.2 பாகைக்கு ஏறத்தாழ 5,818 ஆகிறது. கை இருந்த உயரத்தில், இடது ஓரத்தில் மட்டும் நூறு பிக்சல் அளவு அப்படிப் போயிருந்தது.

இன்னொரு சின்ன மீட்பு லென்ஸ் திருத்தத்தில் கிடைத்தது. Enable Profile Corrections என்ற தெரிவு படத்தின் வளைவை நிமிர்த்துகிறது. ஓரங்கள் உட்புறம் வளைகிற குவியத் தூரங்களில், நிமிர்த்தியபின் பக்கவாட்டு ஓரத்தில் கொஞ்சம் வெளியே தள்ளுப்படும். அதை நிறுத்தியதும் இன்னும் 14 பிக்சல் வந்தது. இரண்டும் சேர்ந்ததில் விரல் அடியில் முடிந்த கை விரல் நடுவுக்கு வந்துவிட்டது. பெருவிரல் முழுசாகத் தெரிந்தது. சின்ன விரல் உள்ளே மடிந்திருப்பதால் அதுவும் ஏறக்குறைய முழுசாக வந்தது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றிலும் ஒன்றரைக் கணு மட்டும் பாக்கி, எண்பது பிக்சல் அளவு.

முழு ரோ கோப்பைத் திறக்காமல் யாரும் கையைக் கட்டத் தொடங்கவேண்டாம். சில படங்கள் அந்த இடத்திலேயே சரியாகிவிடும். கமராவில் 16:9 என்று வைத்து எடுத்திருந்தால்கூட பெரும்பாலான கமராக்களில் ரோ கோப்பு முழுச் சட்டகத்தையும் வைத்திருக்கும், மேலும் கீழும் மறைந்திருக்கும் கால்விரல்கள் அங்கே இருக்கும்.

எண்பது பிக்சல்தானே, வரைந்துவிடலாம் என்று தோன்றும். வேறு உறுப்பாக இருந்தால் செய்திருப்பேன். முழங்கைக்கு மேலே சட்டைத் துணி என்றால் பக்கத்துத் துணியைக் குளோன் செய்து நீட்டலாம், செருப்புப் போட்ட கால் என்றால்கூட ஒப்பேற்றலாம். இது முத்திரை. அலபத்மத்தில் ஐந்து விரலும் ஐந்து கோணத்தில் நிற்கும். சின்ன விரல் உள்ளங்கைப் பக்கம் அதிகம் வளையும், மோதிரவிரல் அதைவிடக் குறைய, அப்படியே விரிந்து விரிந்து போகும். ஒரு விரல் கோணம் மாறினால் மொட்டுப்போல் சுருங்கிவிடும், அல்லது வெறுமனே விரித்த கையாகிவிடும். நடனம் தெரிந்தவருக்கு அது எழுத்துப் பிழை மாதிரி. ஆக, விரல் எங்கிருந்தாவது அவளுடைய விரலாகவே வரவேண்டும். தொடர்ந்து எடுத்த பிரேம்களில் தேடினேன்.

முதலில் இந்தப் படத்துக்குப் பத்தில் ஒரு விநாடி முந்தைய பிரேம். கை முழுசாக உள்ளே இருந்தது, ஆனால் மணிக்கட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. 1/500 விநாடியிலும் விரல்கள் இழுபட்டிருந்தன. அதை விட்டேன்.

அடுத்து, அதே அசைவை அவள் இடப்பக்கம் செய்த பிரேம். பரதத்தில் அடவு ஒருபக்கம் செய்தால் மறுபக்கமும் வரும். ஆகவே இடக்கை அலபத்மம் கூர்மையாக, முழுசாக, விளக்கின் பக்கம் நீண்டபடி கிடைத்தது. கண்ணாடிபோல் திருப்பினால் வலக்கை. ஒட்டிப் பார்த்தபோது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நல்லகாலம், அனுப்புவதற்கு முன் அவளுடைய நடன ஆசிரியையிடம் காட்டுவோம் என்று தோன்றியது. ஒரு மாலை வகுப்பு முடிகிற நேரம் மடிக்கணினியோடு போனேன். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து விநாடிகூடப் பார்த்திருக்கமாட்டார்.

"தம்பி, இது அவளின்ர இடக்கையெல்லே?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சின்ன விரலைப் பாருங்கோ. அவளுக்கு இடக்கையில சின்ன விரல் வடிவா வளையாது. மூண்டு வருஷமா நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன். வலக்கையில அவளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை."

அந்தப் பிள்ளை சரியாகப் பிடித்த ஒரு விரலை நான் எடுத்துவிட்டு, மூன்று வருடமாகச் சரிவராத விரலை ஒட்டியிருக்கிறேன். அதுவும் அவள் வீட்டுச் சுவரில் ஆயுளுக்கும் தொங்கப்போகிற படத்தில். வீட்டுக்கு வந்து அந்த லேயரை அழித்தேன்.

ரீச்சர் சொன்னதிலிருந்து ஒரு வழி பிடிபட்டது. சின்ன விரலும் பெருவிரலும் உள்ளங்கையும் மூலப் படத்திலேயே இருக்கின்றன. அந்தப் பாதிக் கைதான் சாட்சி. எந்தக் கையைக் கொண்டுவந்தாலும் அந்தச் சாட்சியோடு பொருந்தவேண்டும். பொருந்தினால் மிச்ச ஒன்றரைக் கணுவையும் நம்பலாம். பொருந்தாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறு கை. இடக்கையை அப்படிச் சோதித்திருந்தால் நானே பிடித்திருப்பேன்.

மூன்றாவது பிரேம் இரண்டரை விநாடி பிந்தியது. அதே கோர்வை திரும்ப வருகிற இடம். அதே வலக்கை, அதே பக்கம், அதே உயரம். பிள்ளை மேடையில் ஒரு அடி எடுத்து வலப்பக்கம் வந்துவிட்டதால் கை முழுசாக உள்ளே இருக்கிறது. அந்தப் படத்தையே கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அதில் அவள் கண் மூடியிருக்கிறாள், இடத்தோள் குத்துவிளக்கை மறைக்கிறது.

கோப்பு விவரத்தைப் பார்த்தேன். மூலப் படம் 85 மில்லிமீற்றர், இது 92. இடையில் நான் கொஞ்சம் கிட்ட இழுத்திருக்கிறேன். 85ஐ 92ஆல் வகுத்தால் 92.4 சதவீதம் வருகிறது. அந்த அளவுக்குச் சுருக்கினால் கை ஒரே அளவுக்கு வரவேண்டும். பெரிய கையைச் சுருக்குவதில் பயமில்லை. சின்னக் கையைப் பெருப்பிக்கவேண்டி வந்திருந்தால் கூர்மை குறைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சுருக்கிய கையை மூலப் படத்தின் பாதிக் கைக்கு மேலே வைத்து, லேயர் கலப்பை Difference என்று மாற்றினேன். இந்த முறையில் இரண்டு படமும் ஒத்துப்போகிற இடம் கறுப்பாகும், விலகுகிற இடம் வெளிச்சமாகத் தெரியும். வளையலின் மேல்விளிம்பைச் சேர்த்தேன். இரண்டு பாகை திருப்பியதும் சுட்டுவிரல் அடிமூட்டு, பெருவிரல் நுனி, சின்ன விரலின் வளைவு மூன்றும் கறுத்துக்கொண்டு வந்தன. அதிகம் விலகியது சின்ன விரல் நுனி. அதுவும் நாலு பிக்சல், 30 அங்குலப் பிரதியில் அரை மில்லிமீற்றர்தான். இரண்டரை விநாடிக்குள் உடம்பு ஒரு அடி நகர்ந்து, பாதம் தட்டி, திரும்பவும் அதே கையை அரை மில்லிமீற்றர் வித்தியாசத்தில் வைத்திருக்கிறாள். அன்றைய ஆட்டத்தில் நான் கண்ணால் காணாத ஒன்றை அந்தக் கறுப்புத் திட்டில் கண்டேன்.

இனிக் கட்டலாம் என்று முடிவெடுத்தேன்.

மூலப் படம், கைக்கான பிரேம், திரைக்கான பிரேம் என்று மூன்று ரோ கோப்பையும் ஒரே வெண்சமநிலையில், இரைச்சல் நீக்கத்தைப் பூச்சியமாக்கி வெளியே எடுத்தேன். மூன்றுமே ஐஎஸ்ஓ 3200. ஒட்டியபின் மொத்தமாக இரைச்சலைக் குறைக்கலாம். முதலே குறைத்துவிட்டால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாக மழமழவென்று வந்து, ஒட்டின கோடு பின்னால் எழும்பும்.

அடுத்து இடம். போட்டோஷொப்பில் Canvas Size எடுத்து இடப்பக்கம் 600 பிக்சல் கூட்டினேன். பாக்கி விரலுக்கு 80, விரல் நுனிக்கு அப்பால் மூச்சு விட 400, திரும்பவும் 1.2 பாகை நிமிர்த்தும்போது பறிபோகப்போவதற்கு மிச்சம். அந்த 600க்குத் திரையும் மேடைத் தளமும் வேண்டும். மெரூன் வெல்வெட் திரை, மடிப்பு மடிப்பாக. மடிப்பைக் குளோன் செய்தால் ஒரே மடிப்பு இரண்டு தடவை வந்து கண்ணில் படும். அதற்குத்தான் இன்னொரு பிரேம், இதற்கு அரை விநாடி முந்தையது. அப்போது கமரா இன்னும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, பிள்ளையின் கைகள் இரண்டும் நெஞ்சில் இருந்தன. ஆகவே இடப்பக்கத்துத் திரை வெறுமையாக, உண்மையான மடிப்புகளோடு இருந்தது. Auto-Align Layers கொடுத்ததும் மடிப்போடு மடிப்புச் சேர்ந்துவிட்டது. நான் நின்ற இடம் மாறாமல் கமரா மட்டும் திரும்பியிருந்ததால் அது சாத்தியமானது. நடந்துகொண்டே எடுத்திருந்தால் திரையும் தளமும் வெவ்வேறு அளவில் நகர்ந்து, ஒன்றைச் சேர்க்க மற்றது விலகியிருக்கும்.

கையை எங்கே ஒட்டுவது? வெட்டுப்பட்ட கோட்டில் ஒன்றரைக் கணுவை மட்டும் ஒட்ட முதலில் நினைத்தேன். செய்தும் பார்த்தேன். மூன்று விரலின் நடுத்தோலில் மூன்று ஒட்டுகள். ஒவ்வொன்றிலும் நிறமும் ஒளியும் தோலின் தடிப்பும் சேரவேண்டும். தோலுக்கு நடுவில் ஒட்டை மறைக்க ஒன்றுமே இல்லை. அதனால் ஒட்டை வளையலுக்குக் கொண்டுபோனேன். வளையலின் விளிம்பு ஏற்கெனவே ஒரு கோடு, அங்கே நிறம் மாறுவதைக் கண் எதிர்பார்க்கிறது. வளையலுக்கு இப்பால் மூலப் படம், அப்பால் புதிய கை முழுசாக. மாஸ்கின் விளிம்பை வளையலோடு ஒட்டி, இரண்டு பிக்சல் மென்மையோடு வரைந்தேன். இதில் மூலப் படத்தில் இருந்த பாதிக் கையும் மறைந்துவிடுகிறது என்பது உண்மைதான். சாட்சி பொருந்தியபின்தான் அதை மறைக்கத் துணிந்தேன். அந்த லேயரை அழிக்கவுமில்லை.

நிறம் கொஞ்சம் வேலை வாங்கியது. எல்இடி விளக்குகள் இரண்டரை விநாடிக்குள் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு நகரத் தொடங்கியிருந்தன. வெண்சமநிலையால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் முன்விளக்கு மாறவில்லை, பின்விளக்குத்தான் மாறியது. கையின் முன்பக்கம் ஏறக்குறைய ஒத்துப்போனது. விரல் ஓரங்களில் விழுந்த பின்வெளிச்சம் மட்டும் ரோஸ் நிறத்தில் மினுங்கியது. சுட்டுவிரல் அடிமூட்டில் இரண்டு படத்திலும் ஒரே புள்ளியைக் குறித்துக்கொண்டு Curves லேயரில் நீலத்தைக் குறைத்து, பச்சையைத் துளி கூட்டினேன். அதை மாஸ்க் வழியாக விரல் ஓரத்துக்கு மட்டும் விட்டேன். விரல் நுனியில் பூசிய சிவப்பைத் தொடவில்லை. அதையும் சேர்த்து மாற்றினால் செங்கல் நிறமாகிவிடுகிறது, ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கூர்மை கடைசி. புதிய கை, மூலக் கையைவிடக் கொஞ்சம் கூர்மையாக இருந்தது. மூலப் படத்தில் கை நீண்டு முடிகிற நொடி, இதில் முடிந்து நின்ற நொடி. வளையலை 200 சதவீதத்தில் பார்த்து, கை நீளும் திசையில் இரண்டு பிக்சல் Motion Blur கொடுத்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாகின. சுருக்கியதால் இரைச்சல் மணியும் சிறுத்திருந்தது. துளி Add Noise போட்டேன். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து இரைச்சலைக் குறைத்து, 1.2 பாகை நிமிர்த்தி, 5,820க்கு 3,880 என்று வெட்டினேன். 30 அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 194 பிக்சல். வலப்பக்கம் சிலைக்கு அப்பால் இருந்த வெறுமை கொஞ்சம் குறைந்தது, அதனால் கெடுதல் இல்லை.

சின்னதாக ஒரு பிரதி, 8க்கு 12 அங்குலம், எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்ரி தேநீர் ஊற்றப் போய்விட்டார். பிள்ளை படத்தைக் கையில் வாங்கி முதலில் கையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"அண்ணா, நிழல்ல என்ர கை இல்லையே."

குனிந்து பார்த்தேன். முன்விளக்கு உயரத்திலிருந்து அடிப்பதால் அவள் நிழல் பின்பக்கம் மேடைத் தளத்தில் சாய்ந்து கிடக்கிறது. நீட்டிய கையின் நிழல் இடப்பக்கம் நீண்டு போகிறது. பழைய படம் முடிந்த இடத்தில் அந்த நிழலும் கத்தியால் வெட்டியதுபோல் முடிந்திருந்தது. இடப்பக்கத்துத் தளத்தை நான் கைகள் நெஞ்சில் இருந்த பிரேமிலிருந்து எடுத்தவன், அதில் கை நிழல் எப்படி இருக்கும்? கையையே பார்த்துப் பார்த்து, கை இன்னோர் இடத்திலும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். மேடையில் ஆடுகிறவர்கள் தங்கள் நிழலைக் கவனித்து ஆடுகிறவர்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நிழலைப் பிந்திய பிரேமிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டமுடியாது. தளப்பலகைகளின் கோடுகள் இடம் மாறி நின்றன. அதனால் நிழலின் வடிவத்தை மட்டும் எடுத்தேன். பிந்திய பிரேமில் அந்தக் கை நிழலைச் சுற்றி வரைந்து, தெரிவை மட்டும் மூலப் படத்துக்குக் கொண்டுவந்து, பழைய நிழலின் அறுபட்ட நுனியோடு சேர்த்தேன். அந்தத் தெரிவை மாஸ்க்காக வைத்து Curves லேயரால் தளத்தை இருட்டாக்கினேன். பலகைக் கோடுகள் கீழே அப்படியே தெரிந்தன. இருட்டு எவ்வளவு என்பதற்குப் பழைய நிழலே அளவுகோல்: தளத்தின் பிரகாச அளவு வெளிச்சத்தில் 92, நிழலில் 61. புதிய பகுதியும் 61க்கு வரும்வரை வளைவை இறக்கினேன். உறுப்பு தளத்திலிருந்து உயர உயர நிழலின் விளிம்பு மங்கும், விரல் மெல்லியது என்பதால் அதன் நிழல் இன்னும் கரையும், ஆகவே விரல் நிழலுக்கு முன்கை நிழலைவிட அதிகம் மென்மை கொடுத்தேன். நிழலில் ஐந்து விரலும் தெரியாது, நுனி பிரிந்த ஒரு திட்டுத்தான். ஆனால் அது இருக்கவேண்டும்.

இரண்டாம் தடவை ரீச்சரிடம் போனபோது அவர் நிறைய நேரம் பார்த்தார். பெருவிரலிலிருந்து தொடங்கித் தன் விரலாலேயே திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். சின்ன விரலில் நின்றார். "இது அவளின்ர கை," என்றார். மூன்று பிரேமையும் திறந்து எது எங்கிருந்து வந்தது என்று காட்டினேன். அன்ரிக்கும் அதையே சொல்லியிருந்தேன். கை அவளுடையது, ஆனால் இரண்டரை விநாடி பிந்திய கை, திரையின் ஒரு துண்டு அரை விநாடி முந்தையது என்று. அவருக்கு அதில் மறுப்பு இல்லை. வீட்டில் மாட்டுகிற படத்துக்கு அது அவர்கள் முடிவு.

அடுத்த வாரம் ஒரு பத்திரிகைக்கு அரங்கேற்றச் செய்தியோடு போட ஒரு படம் கேட்டார்கள். அன்ரி இந்தப் படத்தையே அனுப்பச் சொன்னார். நான் அனுப்பவில்லை, ஏன் என்று அவருக்கு விளக்கினேன். செய்திப் படத்தில் வெட்டலாம், ஆனால் இல்லாததைச் சேர்க்கக்கூடாது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டி விதிகளிலும் அப்படித்தான், கிரொப் செய்ய அனுமதி உண்டு, உள்ளடக்கத்தைக் கூட்டவோ நீக்கவோ அனுமதி இல்லை. அவளுடைய கையே என்றாலும், அந்த நொடியின் கை அதுவல்ல. முதலில் எடுத்து வைத்த 1,600 பிக்சல் நெருக்கப் படத்தை அனுப்பினேன். பத்திரிகையில் அது இரண்டு பத்தி அகலத்தில் வந்தது. கடகாமுகமும் முகமும் தெளிவாக விழுந்திருந்தன.

பெரிய படத்தைச் சட்டம் போட வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள கடைக்கு நானே கொண்டுபோனேன். சட்டத்தின் உள்விளிம்பு நாலு பக்கமும் கால் அங்குலம் விழுங்கும். 194 பிக்சலுக்கு அது ஏறத்தாழ 50 பிக்சல். விரல் நுனிக்கு அப்பால் 400 விட்டது இதற்கும் சேர்த்துத்தான். கடைக்காரர் பிரதியை மேசையில் விரித்து, மரத்துண்டை ஓரத்தில் வைத்துக் காட்டினார். நடுவிரல் நுனியிலிருந்து மரம்வரை அளவு நாடாவை வைத்தேன். ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட இருந்தது. "சரிதானே?" என்று கேட்டார். சரி என்றேன், அவர் ஆணி எடுத்தார்.